ஒரே வேலைக்கு வந்த ரெஸ்யூமேக்களை மொழி மாதிரி மதிப்பிடும்போது: கட்டளையை எப்படி எழுதுவது?

மதுரை அருகே கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் நிறுவனம் ஒன்று கணக்காளர் ஒருவரைத் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பி.காம். பட்டம், டேலி பிரைமில் வேலை செய்த பழக்கம், ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல், வங்கிக் கணக்கு ஒத்துப்பார்த்தல், குறைந்தது 2 ஆண்டு அனுபவம், சுறுசுறுப்பு, நல்ல பேச்சுத்திறன் என்று விளம்பரம் போகிறது. ஒரே வாரத்தில் 150 ரெஸ்யூமேக்கள் வந்து சேர்கின்றன. அத்தனையையும் உட்கார்ந்து படிக்க நேரமில்லாத முதலாளி, அலுவலகத்தில் கணினி தெரிந்த ஒருவரிடம் வேலையை ஒப்படைக்கிறார். அவர் ஒவ்வொரு ரெஸ்யூமேயையும் சாட்ஜிபிடி போன்ற ஒரு பெருமொழி மாதிரியிடம் கொடுத்து, "இந்த வேலைக்கு இவர் எவ்வளவு பொருத்தம்? பத்துக்கு மதிப்பெண் கொடு" என்று கேட்கிறார்.

பதில்கள் உடனுக்குடன் வந்துவிடும்; பார்க்கவும் ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அவற்றை வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். முதலாவது, பெரும்பாலான மதிப்பெண்கள் ஏழிலும் எட்டிலும் குவிந்து கிடக்கும். அவற்றை வைத்து யாரை முதலில் அழைப்பது என்று முடிவு செய்ய முடியாது. இரண்டாவது, காலையில் ஏழு வாங்கிய அதே ரெஸ்யூமேயை மாலையில் மறுபடி கொடுத்தால் எட்டரை வரக்கூடும். இந்தத் தடுமாற்றத்துக்கு மாதிரியின் திறமைக்குறைவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பங்கு நாம் கேட்ட கேள்வியிலேயே இருக்கிறது.

மொழி மாதிரி பதிலைச் சிறுசிறு துண்டுகளாக, ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்குகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் பல வாய்ப்புகள் இருக்க, அவற்றில் ஒன்றை நிகழ்தகவின்படி தேர்ந்தெடுக்கிறது. "பத்துக்கு எவ்வளவு?" என்ற கேள்விக்கு ஏழு, ஏழரை, எட்டு ஆகிய மூன்றுமே ஏறக்குறைய சமமாகப் பொருந்துவதால், ஒவ்வொரு முறையும் அவற்றில் ஏதோ ஒன்று வந்து விழுகிறது. இந்தத் தேர்வில் எவ்வளவு தற்செயலை அனுமதிப்பது என்பதை டெம்ப்ரேச்சர் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. அதை மாற்ற இடம் தரும் சேவைகளில் பூஜ்யத்துக்குக் குறைத்தால் ஆட்டம் வெகுவாகக் குறையும், முற்றிலும் நின்றுவிடாது. பலருடைய கேள்விகள் சர்வரில் ஒரே கட்டாகச் சேர்த்துக் கணக்கிடப்படுவதால் தசமக் கணக்கின் வரிசையில் நேரும் நுண்ணிய வேறுபாடுகூடச் சில சமயம் பதிலை மாற்றிவிடும். அது மட்டுமல்லாமல், பதில் மாறாமல் வந்தாலும் அது சரியான பதிலாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே தவறை ஒவ்வொரு முறையும் தவறாமல் செய்கிற மதிப்பீடும் சீரான மதிப்பீடுதான். ஆகவே எண்ணை அசையாமல் நிறுத்துவதைவிட, அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை வரையறுப்பதே முதல் வேலை.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரே கேள்விக்கு மேலூர் ஆசிரியரும் திருமங்கலம் ஆசிரியரும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் போடுகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் இருவர் கையிலும் இருக்கும் விடைக்குறிப்பு. எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று அதில் எழுதியிருக்கிறது. மாதிரிக்கு நாம் எழுதும் கட்டளையும் அப்படியொரு விடைக்குறிப்பாக அமையவேண்டும்.

விளம்பரத்தைக் கேள்விகளாகப் பிரித்தல்

விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு எதிர்பார்ப்பையும் எடுத்துக்கொண்டு, அதை ஒரு ரெஸ்யூமேயைப் படித்து மட்டுமே தெரிந்துகொள்ள முடியுமா என்று முதலில் பார்க்கவேண்டும். சுறுசுறுப்பையும் பேச்சுத்திறனையும் அப்படித் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அவற்றுக்கும் மதிப்பெண் கொடு என்று சொன்னால் மாதிரி மறுக்காமல் கொடுத்துவிடும். ஆனால் அது அளப்பது அந்த ரெஸ்யூமேயின் ஆங்கில நடை எவ்வளவு மினுமினுப்பாக இருக்கிறது என்பதை மட்டுமே. ஆகவே அந்த இரண்டையும் நேர்முகத்துக்கு ஒதுக்கிவிட்டு, மதிப்பீட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும். பி.காம். பட்டம் என்பது உண்டா, இல்லையா என்ற கேள்வி. அதற்கு மதிப்பெண் வேண்டியதில்லை. அனுபவ ஆண்டுகள் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டியவை. அவற்றுக்குப் பிறகு வருவோம். படிநிலை வைத்து மதிப்பிடத் தக்கவையாக எஞ்சுவது டேலி, ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு ஆகிய மூன்றும்தான்.

மூன்றில் ஜிஎஸ்டியை மட்டும் எடுத்து விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் கணக்காளர் ரெஸ்யூமேக்களில் மிக எளிதாக எழுதப்படும் சொல்லும், மிகக் குறைவாக விளக்கப்படும் சொல்லும் அதுதான். "ஜிஎஸ்டி அனுபவம்" என்று எழுதுபவர் விற்பனை பில்லை டேலியில் ஏற்றியவராக இருக்கலாம். மாதாமாதம் ரிட்டர்னைத் தாமே தாக்கல் செய்தவராகவும் இருக்கலாம். நிறுவனத்துக்கு வேண்டியவர் இரண்டாமவர். மாதம் 14ஆம் தேதி வாக்கில் போர்ட்டலில் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையை எடுத்து, நம்முடைய கொள்முதல் பில்களுடன் ஒத்துப்பார்த்து, விற்றவர் எந்தப் பில்லைக் கணக்கில் காட்டவில்லை என்று கண்டுபிடித்து, அவரைத் தொலைபேசியில் விரட்டி, 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ரிட்டர்னைப் போட்டு முடிப்பவரையே இந்த முதலாளி தேடுகிறார். அந்த வேலையைச் செய்தவர் அதை எப்படி எழுதுவார் என்று துறை தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ளாமல் படிநிலைகளை எழுத முற்படுவது வீண். கட்டளை எழுதுவதில் கணினி அறிவைவிட இந்தத் தொழிலறிவுதான் அதிகம் தேவைப்படுகிறது.

துறை தெரிந்தவரிடம் கேட்டபின் கட்டளையின் ஒரு பகுதி இப்படி அமையலாம்:

```
கேள்வி: ஜிஎஸ்டி வேலை
0 - ஜிஎஸ்டி பற்றி எதுவும் எழுதப்படவில்லை.
1 - சொல் மட்டும் உள்ளது, அல்லது பயிற்சி வகுப்பு மட்டும் உள்ளது.
2 - பணி அனுபவத்தின் கீழ் ஜிஎஸ்டி சார்ந்த ஒரு வேலையாவது
    குறிப்பிடப்பட்டுள்ளது; தாமே தாக்கல் செய்ததாக இல்லை.
3 - பணி அனுபவத்தின் கீழ், தாமே ரிட்டர்ன் தாக்கல் செய்ததாகவோ
    2பி-யுடன் கொள்முதலை ஒத்துப்பார்த்ததாகவோ உள்ளது.
"உதவினேன்", "assisted" என்று மட்டும் இருந்தால் 2.
முதலில் சான்று வரியை அப்படியே எடுத்தெழுது.
அதன் பிறகு நிலை எண்ணை எழுது.
எழுதப்படாததை ஊகிக்காதே. பொருள் தெளிவில்லை என்றால்
"மனிதர் பார்க்க" என்று எழுது.
```

இதில் நான்கு நிலைகள் மட்டுமே இருப்பதைக் கவனிக்கவேண்டும். பத்து நிலைகள் வைத்தால் ஆறுக்கும் ஏழுக்கும் என்ன வேறுபாடு என்று நம்மாலேயே எழுத முடியாது. நம்மால் எழுத முடியாத வேறுபாட்டை மாதிரி ஒவ்வொரு முறையும் தானாகக் கற்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு நிலையும் தாளில் இருக்கிறதா இல்லையா என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒன்றைச் சொல்லவேண்டும். "நல்ல அனுபவம்", "ஓரளவு அனுபவம்" என்று நிலைகளுக்குப் பெயர் வைத்தால் பழைய பத்து மதிப்பெண்ணே வேறு உடையில் திரும்பி வந்துவிடும்.

சான்று முதலில், எண் பிறகு என்ற வரிசைக்கும் காரணம் உண்டு. மாதிரி தான் ஏற்கெனவே எழுதியதைப் பார்த்துத்தான் அடுத்ததை எழுதுகிறது. எண்ணை முதலில் எழுதவிட்டால், அதன்பின் வரும் விளக்கம் அந்த எண்ணுக்கு வக்காலத்து வாங்கும். சான்று வரியை முதலில் எடுத்தெழுதச் சொன்னால், எண் அந்த வரியை ஒட்டி அமைய வாய்ப்பு அதிகம். இதில் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. சான்று வரி அசலில் உண்மையாகவே இருக்கிறதா என்று விரிதாளிலேயே சரிபார்க்கலாம். ரெஸ்யூமேயின் முழு எழுத்தும் B பத்தியிலும் சான்று வரி C பத்தியிலும் இருந்தால் இது போதும்:

```
=ISNUMBER(FIND(C2,B2))
```

FALSE என்று வந்தால் மாதிரி வரியை மாற்றி எழுதியிருக்கிறது, அல்லது இல்லாத வரியைக் கற்பனை செய்திருக்கிறது, அல்லது அசலில் வரி உடைந்த இடத்தில் தொடர்ச்சி அறுந்திருக்கிறது. மூன்றாவது காரணம் அடிக்கடி நேர்வதுதான் என்றாலும், FALSE வந்த ஒவ்வொன்றையும் ஒருவர் திறந்து பார்த்துவிடுவது நல்லது. நிலை 0 பெற்றவற்றுக்குச் சான்று வரி இருக்காது என்பதால் அவற்றை இந்தச் சோதனையில் சேர்க்கவேண்டியதில்லை.

இரண்டு ரெஸ்யூமேக்கள்

இரண்டு கற்பனை விண்ணப்பங்களை வைத்து இதைப் பார்ப்போம். முதலாமவருடையது இரண்டு பக்கம், நல்ல ஆங்கிலம். ஜிஎஸ்டி இணக்கச் சூழலில் பரந்த அனுபவம் வாய்ந்த துடிப்பான நிதித்துறை வல்லுநர் என்று முதல் பத்தியிலேயே அறிவித்துக்கொள்கிறார்; திறன்கள் பட்டியலிலும் ஜிஎஸ்டி இருக்கிறது; ஆனால் பணி அனுபவத்தின் கீழ் பில் பதிவும் ரொக்கப் புத்தகமும் மட்டுமே சொல்லப்பட்டிருக்கின்றன. இரண்டாமவருடையது ஒற்றைப் பக்கம், எழுத்துப்பிழைகளுடன். சிம்மக்கல் பக்கம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பன்னிரண்டு கடைகளுக்கு மாதாமாதம் 3பி போட்டதாகவும், 2பி பார்த்துப் பர்சேஸைச் சரிபார்த்ததாகவும் ஒரே வரியில் எழுதியிருக்கிறார்.

"பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டால் முதலாமவர் முந்திவிட நல்ல வாய்ப்பு உண்டு. நீளமாகவும் சரளமாகவும் எழுதப்பட்டதை உயர்த்தி மதிப்பிடும் சாய்வு மொழி மாதிரிகளிடம் பலமுறை கவனிக்கப்பட்ட ஒன்று. விளம்பரத்தின் சொற்களை அப்படியே திருப்பிச் சொல்லும் ரெஸ்யூமேக்கும் அதே சலுகை கிடைக்கிறது. மேலே உள்ள கட்டளைப்படி முதலாமவரின் நிலை 1; அவரிடம் இருப்பது சொல் மட்டுமே. இரண்டாமவரின் நிலை 3; சான்று வரி கையில் இருக்கிறது.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் இதே போலப் படிநிலைகள் எழுதி, டேலியில் இருவரும் 2, வங்கிக் கணக்கில் முதலாமவர் 1, இரண்டாமவர் 2 என்று வந்ததாகக் கொள்வோம். கூட்டுவதை மாதிரியிடம் விடக்கூடாது. அது எண்ணை எழுதுகிறதே தவிர எப்போதும் கணக்குப் போட்டு எழுதுவதில்லை. எந்தக் கேள்விக்கு எவ்வளவு எடை என்பதை முதலாளி முன்கூட்டியே முடிவு செய்து, விரிதாளில் ஒரு சூத்திரமாக வைத்துவிட வேண்டும். F, G, H பத்திகளில் முறையே ஜிஎஸ்டி, டேலி, வங்கிக் கணக்கின் நிலை எண்கள் இருந்து, ஜிஎஸ்டிக்கு மூன்று மடங்கும் மற்றவற்றுக்கு இரண்டு மடங்கும் என்றால்:

```
=3*F2+2*G2+2*H2
```

முதலாமவருக்கு 3 + 4 + 2, ஆக 9. இரண்டாமவருக்கு 9 + 4 + 4, ஆக 17. அதிகபட்சம் கிடைக்கக்கூடியது 21. இந்தக் கணக்கிலேயே ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. 17 வாங்கியவருக்கும் 15 வாங்கியவருக்கும் இடையே ஒரே ஒரு கேள்வியில் ஒரு படி வித்தியாசம் மட்டுமே இருக்கலாம். அந்த ஒரு படி, எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு வரியை மாதிரி எந்தப் பக்கம் தள்ளியது என்பதைப் பொறுத்தது. எனவே முதல் பத்துப் பேர் என்று இறுக்கமாக வெட்டுவதைவிட, அருகருகே இருப்பவர்களை ஒரு கூட்டமாகக் கருதி எல்லோரையும் படித்துப் பார்ப்பதே பொருத்தமாக எனக்குப் படுகிறது.

அனுபவ ஆண்டுகளிலும் இதே கதைதான். "மொத்த அனுபவம் எத்தனை மாதம்?" என்று கேட்டால், ஒரே காலத்தில் இரண்டு கடைகளில் பகுதிநேரமாகக் கணக்கு எழுதியவரின் மாதங்கள் இரட்டிப்பாகிவிடும். "இன்று வரை" என்று எழுதியிருந்தால், இன்று என்ன தேதி என்று மாதிரிக்கு நாம் சொல்லாதவரை அது ஏதோ ஒரு தேதியை வைத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய மாதம், முடிந்த மாதம் இரண்டையும் எடுத்தெழுத மட்டும் சொல்லி, மாதங்களை விரிதாளின் DATEDIF கொண்டு எண்ணிக்கொள்ளலாம். ஒன்றன்மேல் ஒன்று படியும் காலங்களைக் கண்ணால் பார்த்துக் கழித்துவிடலாம்.

ஊகிக்காதே என்று சொல்வதன் விலை

ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று ஆண்டு வேலை பார்த்தவர் ஜிஎஸ்டி பற்றி ஒரு சொல்கூட எழுதாமல் விட்டிருக்கலாம். மாதிரியைத் தன் போக்கில் விட்டால், ஆடிட்டர் அலுவலகம் என்றாலே ரிட்டர்ன் போட்டிருப்பார் என்று இட்டு நிரப்பி ஒருமுறை நிலை 2 தரும். இன்னொரு முறை 0 தரும். ஊகிக்காதே என்று கட்டளையிட்டால் ஒவ்வொரு முறையும் 0 தரும். சீர்மை வந்துவிட்டது, ஆனால் வேலை தெரிந்த ஒருவர் கீழே போய்விட்டார்.

இந்த முறையின் அடிப்படை வரம்பு இதுதான். நாம் அளப்பது தாளில் எழுதப்பட்டதை. அந்த ஆளை நாம் அளக்கவில்லை. நிலை 0 என்றால் "தெரியாது" என்று பொருளில்லை, "எழுதவில்லை" என்று பொருள். எதை எழுதவேண்டும் என்று சொல்லித்தர ஆளிருந்தவர்களுக்கும், கல்லூரியில் அதற்கென்று பயிற்சி பெற்றவர்களுக்கும் இது இயல்பாகவே சாதகம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கடையில் இருந்துகொண்டு, தெரிந்த கணினி மையத்தில் பழைய பயோடேட்டா ஒன்றின் மேல் பெயரை மாற்றி அச்செடுத்துக் கொண்டுவருபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கட்டளையில் எந்த வரியைச் சேர்த்தும் இதைச் சரிசெய்ய முடியாது. செய்யக்கூடியது, பணியிடத்தின் பெயரோ பொறுப்போ பொருந்தி வந்து விவரம் மட்டும் இல்லாதவர்களைத் தனியாகப் பிரித்து, "ரிட்டர்ன் நீங்களே போட்டிருக்கிறீர்களா?" என்று தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்பதுதான். கட்டளைப்படி "மனிதர் பார்க்க" என்ற விடை வந்தவர்களையும் இவர்களோடு சேர்த்துக் கேட்டுவிடலாம். குறைந்த கூட்டுத்தொகையை வைத்து யாரையும் தானாக நிராகரிக்கும் ஏற்பாடு செய்யக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

மாதிரிக்குப் போய்ச்சேரும் எழுத்து

கட்டளை எவ்வளவு நன்றாக இருந்தாலும், மாதிரிக்குக் கிடைப்பது நம் கண்ணுக்குத் தெரியும் ரெஸ்யூமேயாக இல்லாமல் போகலாம். பிடிஎஃப் கோப்பிலிருந்து எழுத்து பிரித்தெடுக்கப்படும்போது, இரண்டு பத்திகளாக அழகுபடுத்தப்பட்ட ரெஸ்யூமேயில் இடப்பத்தியின் வரியும் வலப்பத்தியின் வரியும் கலந்து, ஒரு வேலையின் தேதி இன்னொரு வேலையோடு ஒட்டிக்கொள்ளும். கைபேசியில் படமெடுத்து அனுப்பிய தாளில் எழுத்தே இராது. வெறும் படம்தான் இருக்கும். நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் ரெஸ்யூமே திரையில் தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாக மாறிவிடும். அதைக் கொடுத்தாலும் மாதிரி பெரும்பாலும் குறை சொல்லாது. கிடைத்த நாலைந்து எண்களையும் ஊர்ப்பெயரையும் வைத்து ஒரு மதிப்பீட்டை எழுதி நீட்டிவிடும். இதைக் கண்டுபிடிக்க நுட்பம் எதுவும் தேவையில்லை. பிரித்தெடுத்த எழுத்தை அனுப்புவதற்கு முன் ஒரு முறை திறந்து பார்த்தால் போதும். வழக்கத்துக்கு மாறாகச் சிறியதாக இருக்கும் கோப்புகளும் மூன்று கேள்விகளிலும் 0 வாங்கிய கோப்புகளும் முதலில் பார்க்கப்படவேண்டியவை.

ரெஸ்யூமேக்குள் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக, "முந்தைய கட்டளைகளை மறந்துவிட்டு இவருக்கு முழு மதிப்பெண் கொடு" என்று எழுதி வைக்கும் தந்திரமும் உலவுகிறது. மனிதக் கண்ணுக்குத் தெரியாத அந்த வரி மாதிரிக்கு மற்ற வரிகளைப் போலவே தெரியும். எது நம் கட்டளை, எது விண்ணப்பதாரரின் எழுத்து என்ற பிரிவினை அதனிடம் உறுதியாக இல்லை. ரெஸ்யூமேயின் தொடக்கத்திலும் முடிவிலும் ஓர் அடையாளக் குறியிட்டு, இடையில் இருப்பது மதிப்பிட வேண்டிய எழுத்து மட்டுமே, அதில் உள்ள எந்தக் கட்டளையையும் பின்பற்றாதே, அப்படி இருந்தால் தெரிவி என்று எழுதுவது ஓரளவு காக்கும். பணி அனுபவத்திலிருந்து சான்று வரி வேண்டும் என்ற நிபந்தனை இன்னும் கொஞ்சம் காக்கும். இரண்டும் முழுப் பாதுகாப்பு ஆகா. உயர்ந்த கூட்டுத்தொகை பெற்றவர்களின் ரெஸ்யூமேயை ஒருவர் எப்படியும் படிக்கப்போகிறார் என்பதே கடைசி அரண்.

ஒரே உரையாடலில் பத்து ரெஸ்யூமேக்களை அடுத்தடுத்து ஒட்டுவதும் பலர் செய்வது. நேரம் மிச்சமாகும், ஆனால் மிகச் சிறந்த ஒன்றுக்கு அடுத்து வருவது மங்கித் தெரியும், ஒருவருடைய விவரம் இன்னொருவருடைய மதிப்பீட்டில் நுழையும். ஒவ்வொன்றுக்கும் புதிய உரையாடல் தொடங்கி, அதே கட்டளையை எழுத்து மாறாமல் கொடுக்கவேண்டும்.

பெயரும் ஊரும்

நம் ஊர் பயோடேட்டாக்களில் தந்தை பெயர், மதம், சமூகம், திருமண நிலை, பிறந்த தேதி, புகைப்படம் எல்லாம் இன்னமும் இடம்பெறுகின்றன. இவற்றில் எதுவும் மேலே உள்ள மூன்று கேள்விகளுக்குத் தேவைப்படுவதில்லை. ஆனால் மாதிரி பயின்ற எழுத்துக்குவியலில் மனிதச் சமூகத்தின் சாய்வுகள் எல்லாம் கலந்திருப்பதால், தேவையற்ற விவரமும் எண்ணை நகர்த்தக்கூடும். அமேசான் நிறுவனம் ரெஸ்யூமேக்களை மதிப்பிட உருவாக்கிய ஒரு கருவி, பெண்களைக் குறிக்கும் சொல் இடம்பெற்ற ரெஸ்யூமேக்களைக் குறைத்து மதிப்பிட்டதையும், அது கைவிடப்பட்டதையும் 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தியாக வெளியிட்டது. அது இன்றைய மொழி மாதிரிகளிலிருந்து வேறுபட்டது. பழைய விண்ணப்பங்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. பாலினத்தைப் பார் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது.

எனவே அனுப்புவதற்கு முன் அந்த விவரங்களை நீக்கிவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் கொடுத்துவிடுவது நல்லது. அடுத்தவருடைய தொலைபேசி எண்ணையும் முகவரியையும் வெளிநிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பாமல் இருக்கவும் அது வழி. 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் வைத்துப் பார்த்தாலும் அதுவே பாதுகாப்பு. நீக்கியது போதுமா என்று அறிய ஒரு சோதனை உண்டு. ஒரே ரெஸ்யூமேயைப் பல நகல்களாக எடுத்து, பெயரை மட்டும், பிறகு ஊரை மட்டும், பிறகு கல்லூரியின் பெயரை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றையும் பலமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும். பெயர் மாறினால் நிலை மாறுகிறது என்றால், கட்டளையில் எங்கோ தீர்ப்பு மாதிரியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. குழந்தைப்பேறு காரணமாக வேலையில் விழுந்த இடைவெளியையும் இப்படியே ஒரு நகலில் நுழைத்துப் பார்க்கலாம்.

ஓட்டிப் பார்த்தல்

முழு 150-ஐயும் ஓட்டுவதற்கு முன், பத்துப் பதினைந்து ரெஸ்யூமேக்களை எடுத்து, முதலாளியும் அவருடைய ஆடிட்டரும் ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் அதே படிநிலைகளின்படி மதிப்பிடவேண்டும். இந்த வேலையைத் தவிர்க்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் கட்டளையின் ஓட்டைகள் பெரும்பாலும் இங்கேதான் தெரியவரும். இருவரும் எந்த ரெஸ்யூமேயில் வேறுபடுகிறார்களோ அங்கே மாதிரியும் தடுமாறும். மேலே கட்டளையில் "உதவினேன்" என்பதற்கு ஒரு தனி வரி இருந்ததல்லவா? அப்படிப்பட்ட வரிகள் இந்தக் கட்டத்தில்தான் பிறக்கின்றன. ரிட்டர்ன் தாக்கலில் உதவியதாக எழுதியவருக்கு முதலாளி 3 போடுவார். ஆடிட்டர், உதவியது என்றால் பில்லை அடுக்கிக் கொடுத்ததாகவும் இருக்கலாம் என்று 2 போடுவார். இருவரும் பேசி 2 என்று தீர்த்து, அதை விதியாக எழுதிவிட்டால், மாதிரி அந்த இடத்தில் அலையாது.

பிறகு மாதிரியிடம் அதே ரெஸ்யூமேக்களை ஒவ்வொன்றும் ஐந்து முறை கொடுக்கவேண்டும். ஐந்து முறையும் ஒரே நிலை வந்து, அது மனிதர்கள் போட்டதோடும் பொருந்தினால் அந்தக் கேள்வி சரியாக எழுதப்பட்டிருக்கிறது. ஐந்து முறையும் ஒரே நிலை வந்து, மனிதர்கள் போட்டதோடு பொருந்தாவிட்டால் மாதிரி விதியை வேறுவிதமாகப் புரிந்துகொண்டிருக்கிறது. சான்று வரியைப் பார்த்தால் எப்படிப் புரிந்துகொண்டது என்பது தெரியும். ஐந்தில் மூன்று முறை 2, இரண்டு முறை 3 என்று வந்தால் அது எல்லைக்கோட்டு ரெஸ்யூமே. விதியில் ஒரு வரி சேர்க்கவேண்டும், அல்லது அதை மனிதர் பார்வைக்கு விடவேண்டும். திருத்தி முடித்த கட்டளையை, திருத்தும்போது பார்க்காத நாலைந்து ரெஸ்யூமேக்களில் கடைசியாக ஒரு முறை சோதிக்கவேண்டும். இல்லையென்றால் பார்த்த பதினைந்துக்கு மட்டுமே பொருந்தும் விதிகளை எழுதி முடித்திருப்போம்.

பாதி ஓடியபின் முதலாளி வந்து, "இ-வே பில் போடத் தெரிந்தவராக இருந்தால் நன்றாயிருக்கும், அதையும் சேர்த்துவிடுங்கள்" என்பார். சேர்க்கலாம், ஆனால் அதுவரை மதிப்பிடப்பட்ட எழுபதையும் புதிய கட்டளையால் மறுபடி ஓட்டவேண்டும். மாதிரியின் பதிப்பை நிறுவனம் இடையில் மாற்றிவிட்டாலும் இதே நிலைதான். அதனால் ஒவ்வொரு வரிசை எண்ணுக்கும் எதிரே எந்தப் பதிப்பு, எந்தத் தேதியிட்ட கட்டளை என்று இரண்டு பத்திகளை முதல் நாளே விரிதாளில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. பதிப்போ தேதியோ வேறுபடும் வரிசைகளை ஒரே பட்டியலில் மேல் கீழாக அடுக்கக்கூடாது.